கருக்குழாயில கரு ஏன் தங்கிப்போகுது? கோபி டீச்சரம்மா பதில்

காலேஜ்ல அனாடமி எடுத்து ரிட்டயர்டு ஆயி இப்ப கோபியில இருக்கேன். கருக்குழாய் பத்திக் கேளுங்க, சொல்றேன். ரிப்போர்ட்டப் போட்டு மருந்து எழுதிக் கேக்காதீங்க, அது உங்க டாக்டர் வேலை.

ஈரோடு, எம்பிபிஎஸ் ஸ்டூடண்ட்: மேடம், டியூப்ல தங்கற கருவுல 70 பர்சென்ட் ஆம்புல்லாலதான்னு புக்ல இருக்கு. ஃபெர்டிலைசேஷன் அங்க நடக்கறதாலயா?

பாதிதான் அதனால, கண்ணு. மொத்தக் குழாயும் பத்துப் பன்னெண்டு சென்டிமீட்டர். அதுல பாதி ஆம்புல்லாதான், அகலமும் அதுக்குத்தான் ஜாஸ்தி. அதோட ஸ்லைட மைக்ராஸ்கோப்ல வெச்சுப் பாரு, சேவக்கொண்டைப் பூவக் குறுக்கால வெட்டின மாதிரி மடிப்புக்குள்ள மடிப்பா இருக்கும், நடுவுல ஓட்டை எதுன்னே தேடணும். அந்த மடிப்பு மேல ரெண்டு வகை செல்லு. ஒண்ணுல சீலியான்னு பொடிப் பொடி முடி, கருவ கர்ப்பப்பை பக்கமாத் தள்ளும். இன்னொண்ணு ஊட்டத் திரவம் சுரக்கும். முட்டையும் விந்தணுவும் சேர்ந்த பொறவு கரு நேரா ஓடிராது, மூணு நாள் வாக்குல குழாய்க்குள்ளயே இருந்து செல்லாப் பிரிஞ்சிட்டு அப்பறந்தான் கர்ப்பப்பைக்குள்ள எறங்கும். அதுவரைக்கும் அதச் சுத்தி சோனா பெலூசிடான்னு ஒரு ஓடு, ஓடு இருக்கங்காட்டி எங்கயும் ஒட்டாது. அஞ்சாம் நாள், ஆறாம் நாள் வாக்குல ஓடு கழண்டுரும்.

இப்ப கிளாமிடியா மாதிரி ஒரு இன்ஃபெக்‌ஷன் எப்பவோ வந்துட்டுப் போயிருக்குதுன்னு வை. பக்கத்துப் பக்கத்து மடிப்பு ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, வழியே இல்லாத முட்டுச்சந்து ஆயிருது, சீலியாவும் உதிர்ந்திருது. விந்தணு நீந்திப் போயிரும், கருவுக்கு நீந்தத் தெரியாதே, தள்ளி விட ஆளு வேணும். அந்தச் சந்துக்குள்ள மாட்டி நிக்கறப்ப ஓடு கழண்டுதுன்னா, நின்ன எடத்துலயே வேர் விட்டுரும். மடிப்பு எங்க அதிகமோ அங்கதான சந்தும் அதிகம்? அதான் ஆம்புல்லா.

பெருந்துறை: குழாய் குறுகலா இருக்கறதால கரு சிக்கிக்குது, அவ்வளவுதானுங்களே? இதுக்கு எதுக்கு இத்தனை விளக்கம்?

அப்படின்னா அகலமான ஆம்புல்லால 70ம், கர்ப்பப்பை பக்கமா இருக்கற குறுகலான இஸ்த்மஸ்ல 12ம் ஏனுங்க வருது? கரு ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்குதான், இஸ்த்மஸ் ஓட்டையே ஒரு மில்லிமீட்டர் வாக்குல இருக்குது. தழும்பு விழுந்து அடைஞ்ச குழாய்னா நீங்க சொல்றது சரி.

திருப்பூர்: மேடம் எனக்கு 40 நாள் ஆச்சு, யூரின் டெஸ்ட் பாசிடிவ். ரெண்டு நாளா கொஞ்சம் பிரவுனா படுது, இடது பக்கம் சுருக்கு சுருக்குனு குத்துது. இஸ்த்மஸா ஆம்புல்லாவா இருக்கும்?

அம்மணி, எந்த எடம்னு இங்க ஆராய்ச்சி பண்ண வேண்டாம். இன்னிக்கே, இப்பவே கிளம்பிப் போய் ஸ்கேனும் பீட்டா ஹெச்சிஜி ரத்த டெஸ்ட்டும் எடுங்க. தனியாப் போவாதீங்க.

பவானி: எந்த எடத்துல இருந்தா சீக்கிரம் வெடிக்கும், ஏன்?

இஸ்த்மஸ்தான் மொதல்ல, ஆறு எட்டு வாரத்துலயே. குழாய்ல மியூகோஸாங்கற உள் படலத்துக்கு அடியில சப்மியூகோஸான்னு ஒரு மெத்தை கெடையாது. கர்ப்பப்பை மாதிரி டெசிடுவாங்கற கர்ப்ப கால உள் படலம் கெட்டியா வந்து தடுக்கறதும் இல்ல. வேர் நேரா தசைக்குள்ள எறங்கி ரத்தக் குழாயக் கடிக்கும். இஸ்த்மஸ்ல தசை தடிமன், உள்ள எடம் இல்ல, விரியாது. ஆம்புல்லா விரிஞ்சு குடுக்கறதால இன்னும் சில வாரம் ஓடும், சில சமயம் கரு அதுவாக் கழண்டு குழாய் ஓரத்துல விரல் மாதிரி இருக்கற முனை வழியா வயித்துக்குள்ள விழுந்துரும்.

கர்ப்பப்பைச் சுவத்துக்குள்ளயே போற ஒரு சென்டிமீட்டர் துண்டு இருக்குதே, இன்டர்ஸ்டிஷியல், அங்க ரெண்டு மூணு பர்சென்ட்தான். ஆனா எனக்குப் பயமே அதுதான். சுத்தியும் கர்ப்பப்பைத் தசை, மூணு மாசம்கூடத் தாங்கும், ஸ்கேன்ல கர்ப்பப்பைக்குள்ள இருக்கற மாதிரியே ஏமாத்தும். கர்ப்பப்பை தமனியும் சினைப்பை தமனியும் சேர்ற எடம் அது, வெடிச்சா ரத்தம் குடம் குடமாப் போகும். அதுக்கு முன்னாடியே வெடிச்சதும் உண்டு, மூணு மாசக் கணக்க நம்பி உக்காந்துராதீங்க.

பொள்ளாச்சி: குடும்பக் கட்டுப்பாடு ஆபரேசன் பண்ணினவங்களுக்கு இது வரவே வராதுல்லீங்க?

இத நம்பித்தான் ஒரு புள்ளையப் பறி கொடுக்கப் பாத்தோம். நான் டியூட்டி பாத்த காலம், ஆபரேசன் பண்ணி நாலு வருசம் ஆனவ. நாள் தள்ளிப் போயி ஏழு வாரம், லேசாப் பட்டதப் பீரியட்ஸ்னே நெனச்சுட்டா. வயித்து வலி, படுத்தா வலது தோள்பட்டையில வலி. ஒரு க்ளினிக்ல கேஸ் ட்ரபிள்னு சொல்லி ஊசி போட்டு அனுப்பிட்டாங்க. எங்ககிட்ட வரைல மூஞ்சி வெளுத்து, நாடி 130, உக்கார வெச்சா மயக்கம். வயித்துக்குள்ள ரத்தம் சேந்து உதரவிதானத்த உறுத்துனா அந்த நரம்பு வலியத் தோள்லதான் காட்டும். வயித்தத் தொறந்தா ஒண்ணரை லிட்டர் ரத்தம், வெட்டுன எடத்துக்கு அக்கட்ட இருக்கற ஆம்புல்லாத் துண்டு கிழிஞ்சிருந்துச்சு. வெட்டுன முனையில பொடி ஓட்டை விழுந்திருக்கும், விந்தணு அது வழியா நுழைஞ்சு போயிருச்சு, கரு திரும்பி வர முடியல. பொழைச்சுட்டா.

ஆபரேசனுக்கப்பறம் கரு தங்கறதே அபூர்வம்தான். ஆனாத் தங்குச்சுன்னா குழாய்லயான்னுதான் மொதல்ல பாக்கணும். நாள் தள்ளி, லேசாப் பட்டா, பீரியட்ஸ்னு நீங்களே முடிவு பண்ணாதீங்க, யூரின் டெஸ்ட் பண்ணுங்க.

காங்கயம், கால்நடை டாக்டர்: நான் எத்தனையோ மாடு பாத்துட்டேனுங்க, குழாய்ல கரு தங்கினத ஒருக்காகூடப் பாத்ததில்ல. மாட்டுக்கும் ஆம்புல்லா இஸ்த்மஸ் சேர்ற எடத்துலதான் கருவாகுது. நீங்க சீலியா சீலியாங்கறீங்க, எனக்கென்னமோ தள்றது தசைதான்னு தோணுது.

நல்லாக் கேட்டீங்க டாக்டர். மாட்டுக் கரு, சினையான பொறவு பல நாள் சும்மா மெதந்துட்டுத்தான் இருக்கும், அப்பறமும் மேலோட்டமாத்தான் ஒட்டும். மனுசக் கரு அப்படி இல்ல, தொட்ட எடத்தத் தோண்டி உள்ள போறது. வித்தியாசம் குழாய்ல இல்ல, கருவுலன்னு நான் சொல்லுவேன்.

காங்கயம்: அது சரிங்க. கார்ட்டாஜெனர் சிண்ட்ரோம்ல சீலியா அடிக்கறதே இல்லியே, அந்தப் பொம்பளைங்களுக்கும் கர்ப்பப்பைலயே கரு தங்கிப் பிள்ளை பொறந்திருக்குதுங்களே?

பொறந்திருக்குது, ஒத்துக்கறேன். ஆனா எல்லாத்துக்கும் இல்லைங்க, பல பேருக்குக் குழந்தை தங்கறதுல செரமம் இருக்குது. செல பேருக்கு சீலியா கொஞ்சமாச்சும் அசையுமாட்ட இருக்குது. சீலியா இல்லாட்டித் தசை சமாளிக்குதுன்னு வெச்சுக்கலாம், தசை மட்டும் போதும்னு அதுல இருந்து சொல்ல முடியாது. சிகரெட் புகை சீலியாவையும் தசையையும் சேத்தே கெடுக்குது, அதனால அதுவும் நமக்குத் தீர்ப்பு சொல்லாது.

காங்கயம்: நான் விட மாட்டேனுங்க, நாளைக்கு வரேன்.

வாங்க.

அந்தியூர்: மேடம், ஃபெர்டிலைசேஷன் எங்க நடக்கும்?

ஆம்புல்லாலதான், மேல இருக்குது. படிங்க.

கோவை: டியூப்ல கரு வந்தா அதுதான டெஸ்ட் டியூப் பேபி?

இல்ல சாமி, அது கண்ணாடித் தட்டு. ஆனா ஒரு கூத்தக் கேளு. எட்வர்ட்ஸும் ஸ்டெப்டோவும் வெளிய கருவாக்கிக் கர்ப்பப்பைக்குள்ளயே வெச்சாங்க, 1976ல அவங்க எழுதின அந்த மொதக் கர்ப்பமே போய்க் குழாய்லதான் ஒட்டுச்சு. மொத டெஸ்ட் டியூப் பேபி லூயிஸ் பிரவுன் பொறந்தது 1978ல. கர்ப்பப்பைல வெச்ச கருவும் பின்னால நகந்து குழாய்க்குப் போகும்.

சேலம்: மேடம் ஃபெர்டிலைசேஷன் கர்ப்பப்பைலதான நடக்கும்? எங்க மிஸ் சொன்னாங்க.

மிஸ்ஸ அந்தியூர்க்காரருக்குச் சொன்ன பதிலப் பாக்கச் சொல்லு.

திருப்பூர்: போயிட்டு வந்துட்டேன் மேடம். கர்ப்பப்பைல ஒண்ணும் தெரியலியாம். பீட்டா 1400. ரெண்டு நாள் கழிச்சு வரச் சொல்லிட்டாங்க. அப்ப பயமில்லதானே?

போனது நல்லது. 1400ல நல்ல கர்ப்பம்கூட ஸ்கேன்ல தெரியாமப் போகலாம், அதனாலதான் 48 மணி நேரம். கர்ப்பப்பைல நல்லா வளர்ற கருன்னா பெரும்பாலும் அதுக்குள்ள குறைஞ்சது பாதியாச்சும் கூடிரும், 2100 தாண்டும். 1600ல நின்னா சந்தேகப்படுவாங்க. ஏறினாலும் ஸ்கேன்ல பை தெரியற வரைக்கும் முடிஞ்சுதுன்னு நெனைக்க வேண்டாம். இந்த ரெண்டு நாள்ல தோள் வலிச்சாலோ, எந்திரிச்சா கண்ணு இருட்டுனாலோ, வலி திடீர்னு தூக்குனாலோ டேட்டுக்குக் காத்திருக்காதீங்க, நடு ராத்திரியானாலும் எமர்ஜென்சிக்குப் போங்க. உங்க ரத்த குரூப்பும் கேட்டு வெச்சுக்குங்க.