பத்து வருட இடைவெளியை எங்கே எழுதுவது?

*பி.காம். முடித்துவிட்டு, கடலூரில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் ஆறு வருடம் கணக்கு எழுதினேன். இரண்டாவது மகன் பிறக்கும் முன், 2016 மார்ச்சில் வேலையை விட்டேன். இப்போது புதுச்சேரி சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலைக்குக் கணக்கு உதவியாளர் தேவை என்கிறார், ஆள் எடுத்துத் தரும் ஒருவர். உங்களைப் பற்றிச் சுருக்கமாக எழுதி அனுப்புங்கள் என்றார். நான் எழுதியதை இத்துடன் வைத்திருக்கிறேன். இத்தனை வருடம் வீட்டில் இருந்ததைச் சொல்லவா, விட்டுவிடவா?*
*– வாசகி, மஞ்சக்குப்பம்*

சொல்லுங்கள். ஒரே வரியில், குறிப்பின் நடுவில் சொல்லுங்கள்.

நீங்கள் எழுதியதில் முதல் ஐந்து வரிகளும் வேலையை விட்ட கதைதான். “நீண்ட காலம் பணிபுரிய இயலாமல் போனதற்கு வருந்துகிறேன்” என்று தொடங்கி, மாமியாரின் மூட்டுவலி வரை வந்துவிட்டு, ஆறாவது வரியில்தான் டேலி தெரியும் என்கிறீர்கள். ஆள் எடுப்பவர் இதைக் கைபேசியில் பார்ப்பார். அந்த ஆறாவது வரிக்கு அவர் வந்து சேருவார் என்பதற்கு உத்தரவாதமில்லை. வருத்தம் தெரிவிக்கும்படி நீங்கள் எதுவும் செய்துவிடவும் இல்லை.

மறைப்பது வேறு வகையில் ஆபத்து. பழைய கடையில் உங்களுக்கு பி.எஃப். பிடித்திருந்தால், 2014-இல் வந்த யு.ஏ.என். எண்ணில் உங்கள் பணிக்காலம் பதிவாகியிருக்கும். புதிய இடத்தில் சேரும் அன்று படிவம் 11 நிரப்பும்போது, முந்தைய வேலையை விட்ட தேதியைக் கேட்பார்கள். 2019 வரை வேலை பார்த்ததாகச் சொல்லியிருந்தால் அங்கேயே பிடிபடும். பத்து வருடம் வீட்டில் இருந்தவரை வேலைக்கு எடுப்பார்கள். தேதியை மாற்றிச் சொன்னவரிடம் கணக்குப் புத்தகத்தைத் தர மாட்டார்கள்.

கணக்குப் பிரிவுக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் வேலையில் நான் இருந்தவரை, இடைவெளி எத்தனை வருடம் என்று எண்ணியதில்லை. அந்த வருடங்களில் என்ன மாறியது, இவர் அந்த மாற்றத்தைத் தாண்டி வந்துவிட்டாரா என்றுதான் பார்த்தேன். உங்கள் விஷயத்தில் அந்த மாற்றத்துக்கு ஒரு தேதியே இருக்கிறது: 2017 ஜூலை 1. நீங்கள் வேலையை விட்டபோது வாட். திரும்பி வரும்போது ஜி.எஸ்.டி. டேலி ஈ.ஆர்.பி. 9 இருந்த இடத்தில் டேலி பிரைம் வந்தது சின்ன மாற்றம், ஒரு வாரத்தில் கை பழகிவிடும். வரி அப்படியல்ல.

வாட் காலத்தில் நீங்கள் கொள்முதல் பதிவேட்டைப் பார்த்து உள்ளீட்டு வரியை எடுத்திருப்பீர்கள். இன்று பில் கையில் இருந்தால் மட்டும் போதாது. விற்றவர் அந்த பில்லைத் தன் விற்பனை விவர அறிக்கையான ஜி.எஸ்.டி.ஆர்-1-இல் ஏற்றியிருக்க வேண்டும், அது உங்கள் நிறுவனம் எடுக்கக்கூடிய உள்ளீட்டு வரியைக் காட்டும் 2பி அறிக்கையில் வந்திருக்க வேண்டும். 50,000 ரூபாய்க்கு 18 சதவீத வரியில் சரக்கு வாங்கியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். விற்றவர் ஏற்ற மறந்துவிட்டால், அந்த மாதம் 9,000 ரூபாயை எடுக்க முடியாது. அவருக்குத் தொலைபேசி செய்து விரட்டுவது யார்? கணக்கு உதவியாளர்தான். சேதராப்பட்டில் ஆள் தேடுவதே பெரும்பாலும் இந்த வேலைக்குத்தான்.

இதைக் காணொளியில் பார்த்துக் கற்றதாக எழுதியிருக்கிறீர்கள். அது எடுபடாது. தெரிந்த வரி ஆலோசகர் ஒருவரின் அலுவலகத்தில் ஒரு மாதம் உட்காருங்கள், சம்பளம் கேட்காமல் போனாலும் சரி. மாதந்தோறும் தாக்கல் செய்பவர்களுக்கு 11-ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-1, 14-ஆம் தேதி 2பி, 20-ஆம் தேதி வரி கட்டுவதற்கான 3பி. இந்த ஒரு சுற்றை, இரண்டு மூன்று வியாபாரிகளின் உண்மையான பில்களோடு முடித்துப் பாருங்கள். அப்போதுதான் குறிப்பில் எழுத உங்களுக்கு ஒரு வாக்கியம் கிடைக்கும்.

இன்னொன்றை நீங்கள் எழுதவே இல்லை. கடலூர்க் கடையில் இருந்தவர் புதுச்சேரிக் கொள்முதலுக்கு சி படிவம் கொடுத்துப் பழகாமல் இருந்திருக்க மாட்டார். பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரம்தான் என்றாலும் அது வேறு மாநிலக் கணக்கு என்பது உங்கள் கைக்குத் தெரியும். இன்று சி படிவத்தின் இடத்தில் ஐ.ஜி.எஸ்.டி. இருக்கிறது. புதுச்சேரி நிறுவனத்தின் பதிவு எண் 34 என்று தொடங்கும், கடலூர் வாடிக்கையாளருடையது 33. சரக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால், பக்கத்து ஊர்தானே என்று இ-வே பில் இல்லாமல் வண்டியை அனுப்ப முடியாது. சேதராப்பட்டுத் தொழிற்சாலைக்கு இது அன்றாட விஷயம். சென்னையிலிருந்து விண்ணப்பிக்கும் பலருக்கு இது ஏட்டில் படித்ததாக மட்டுமே இருக்கும்.

ஒரு சுற்று முடிந்தபின் குறிப்பு இப்படி இருக்கலாம். அலுவலகம் ஆங்கிலத்தில் கேட்டால் இதே வரிசையில் ஆங்கிலத்தில் எழுதுங்கள்:

“வணக்கம். சேதராப்பட்டு கணக்கு உதவியாளர் பணிக்கு எழுதுகிறேன். டேலியில் கொள்முதல், விற்பனை, வங்கிச் சரிபார்ப்பு ஆகியவற்றை ஆறு ஆண்டுகள் தனியாகப் பார்த்திருக்கிறேன் (கடலூர், 2010–2016). புதுச்சேரி–தமிழ்நாடு இடையிலான கொள்முதல் கணக்கும் அதில் அடக்கம். 2016 முதல் குழந்தைகளை வளர்ப்பதற்காக வேலையிலிருந்து விலகியிருந்தேன். கடந்த ஒரு மாதத்தில் ஒரு வரி ஆலோசகரின் அலுவலகத்தில் மூன்று வியாபாரிகளுக்கு 2பி ஒப்பீடு செய்து, 3பி தாக்கலுக்குத் தயாரித்துக் கொடுத்தேன், அவரிடம் விசாரிக்கலாம். காலை 9.30 முதல் மாலை 6 வரை அலுவலகத்தில் இருக்க முடியும். பதினைந்து நாளில் சேரலாம்.”

நேரம் பற்றிய வரியைச் சும்மா சேர்க்கவில்லை. குழந்தைகளுக்கு உடம்பு சரியில்லை என்றால் என்ன செய்வீர்கள் என்ற கேள்வி ஆள் எடுப்பவர் மனத்தில் இருக்கும். வாய் விட்டுக் கேட்க மாட்டார். பிள்ளைகளின் வயது, பள்ளி, யார் பார்த்துக்கொள்வார்கள் என்றெல்லாம் விளக்கினால் அந்தச் சந்தேகம் வளரும். எத்தனை மணிக்கு வருவேன், எத்தனை மணி வரை இருப்பேன் என்று சொன்னால் போதும். ஆனால் எழுதும் முன், கடலூரிலிருந்து பஸ் மாறி அந்த நேரத்துக்குப் போய்ச் சேர முடிகிறதா என்று ஒரு வேலை நாளில் போய்ப் பார்த்துவிடுங்கள். முடியாதென்றால் முடிகிற நேரத்தை எழுதுங்கள்.

சம்பளத்தை முதல் குறிப்பில் எழுத வேண்டாம். கேட்டால், 2016-இல் வாங்கிய தொகையைச் சொல்லி அதன்மேல் பேரம் பேசாதீர்கள். இந்தப் பணிக்கு இப்போது என்ன தருகிறார்கள் என்று திருப்பிக் கேளுங்கள். சேர்த்துவிட முன்பணம் கட்டச் சொன்னால் அந்த ஆளை விட்டு விலகுங்கள். முறையாக ஆள் எடுத்துத் தருபவருக்குக் கூலி தருவது தொழிற்சாலை.

இந்தக் குறிப்பு உதவியாளர் வேலைக்குத்தான் வழி திறக்கும். கணக்கு மேலாளர் பதவிக்கு இதே குறிப்பை அனுப்பினால் பதில் வராது. விட்ட இடத்திலிருந்து ஒரு படி கீழேதான் தொடங்க வேண்டியிருக்கும்.

அனுப்பும் நாளையும் பாருங்கள். 10-ஆம் தேதியை ஒட்டியும், 18 முதல் 20 வரையும் கணக்குப் பிரிவில் யாரும் தலை நிமிர மாட்டார்கள். உங்கள் ஒரு மாதச் சுற்றும் 20-ஆம் தேதிதான் முடிகிறது. 21-ஆம் தேதி காலையில் அனுப்புங்கள்.