போச்சம்பள்ளி இக்கத்: பார்க்கவும் பழகவும் வாங்கவும் – கேள்வி பதில்

கல்லூரி மாணவி: அக்கா, ஹைதராபாத் வரும்போது ஒரு மதியம் மட்டும் போச்சம்பள்ளிக்கு ஒதுக்கினால் போதுமா?

கடைக்குப் போய் வர அது போதும்மா. வேலையைப் பார்க்க ஒரு இரவு தங்குகிற மாதிரி வாங்க. இக்கத்தில் தறி கடைசிக் கட்டம்தான். நெய்வதற்கு முன்பே நூலில் டிசைன் விழுந்துவிடும். முதலில் துணியில் குறுக்கே ஓடும் ஊடை நூலை அரைவட்டமாக நட்ட முளைகளில் சுற்றுவார்கள். அதற்கு 'ஆசு' என்று பெயர். கை ஆயிரக்கணக்கான தடவை போய் வர வேண்டும், பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் வேலை. தன் அம்மாவின் தோள்வலியைப் பார்த்து அதற்கு ஒரு இயந்திரம் செய்தார் சிந்தகிந்தி மல்லேசம். 2017-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. சுற்றிய நூலில் குறி போட்டு, சாயம் ஏறக் கூடாத இடங்களை ரப்பர் பட்டையால் இறுக்கிக் கட்டி முக்குவார்கள். அடுத்த நிறத்துக்குக் கட்டை அவிழ்த்து வேறு இடத்தில் கட்டுவார்கள்.

தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்தான் பாவு. ஒரே பாவில் பல சேலைகள் ஓடும் என்பதால், தறி ஓடுகிற வீட்டில் அன்றைக்குக் கட்டு வேலை நடக்காமல் இருக்கலாம். முதல் நாள் கட்டும் சாயமும், மறுநாள் காலை தறியும் என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் நூல் காய நேரமாகும், அப்போது சாய வேலை தள்ளிப்போகும்.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்: கிருஷ்ணகிரி பக்கம்தானே? எங்கள் ஊரிலிருந்து பஸ் உண்டு.

இல்லை சார், அந்தப் போச்சம்பள்ளி வேறு. இது தெலங்கானாவில் இருக்கும் பூதான் போச்சம்பள்ளி, ஹைதராபாத்திலிருந்து சுமார் 45 கி.மீ. 1951-இல் வினோபா பாவேயின் பூதான இயக்கம் தொடங்கிய ஊர்.

இரண்டு பிள்ளைகளின் அம்மா: பிள்ளைகளைத் தறியில் உட்கார வைத்து நெய்ய விடுவார்களா?

விற்பனைக்கான சேலை ஓடும் தறியில் கேட்காதீர்கள். நெசவாளர் ஒரே அழுத்தத்தில் அடித்துக்கொண்டு போவார். புதுக் கை நாலு முறை அடித்தாலே குறுக்கே ஒரு பட்டை தெரியும், பிறகு அதை மறைக்க வழியில்லை. கூலி சேலைக் கணக்கில் வருவதால் அந்த நஷ்டம் அவர் தலையில்தான் விழும். கட்டு கட்டிப் பார்ப்பது பிள்ளைகளுக்கு ஏற்றது. சின்ன நூல் கற்றையில் நாலு இடம் கட்டி, ஒரு நிறத்தில் முக்கி, காய்ந்ததும் அவிழ்த்தால் அரை நாளில் முடியும். கற்றுத்தருகிறவரின் நேரத்துக்கு என்ன கொடுப்பது என்று தொடங்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

துணிக்கடை வைத்திருப்பவர்: பின்பக்கமும் அதே நிறம் இருந்தால் அசல். அவ்வளவுதானே?

பாதி சரி அண்ணா. இப்போது சில அச்சுகள் பின்பக்கம் வரை இறங்குகின்றன. முந்தானை ஓரத்தில் பாவு நூல் ஒன்றும் ஊடை நூல் ஒன்றும் உருவிப் பாருங்கள். ஊடையில் மட்டும் கட்டிய இக்கத் என்றால் ஊடை நூல் திட்டுத்திட்டாக இருக்கும், அந்த இடத்துப் பாவு ஒரே நிறமாக இருக்கும். அச்சிட்ட துணியில் இரண்டு நூலும் திட்டுத்திட்டாக வரும். ஒன்றின் மேல் ஒன்று ஏறிய இடங்களில் சாயம் படாத புள்ளிகளும் தெரியும். பாவு, ஊடை இரண்டையும் கட்டிச் சாயமேற்றிய இரட்டை இக்கத்திலும் இரண்டு நூலும் திட்டாகத்தான் இருக்கும், ஆனால் சாயம் நூலைச் சுற்றி முழுக்க ஏறியிருக்கும். குஜராத்தில் பாடன் படோலா இரட்டை. ராஜ்கோட்டில் அதிகம் நெய்வது ஊடை மட்டும் கட்டியது. முதலாவதின் விலை சொல்லி இரண்டாவதை விற்றால் இந்தச் சோதனையில் தெரிந்துவிடும்.

கட்டிய நூலையே விசைத்தறியில் ஓட்டியிருந்தால் இந்தச் சோதனை உதவாது. கைத்தறி முத்திரையைப் பாருங்கள். அதையும் கழற்றி வேறு துணியில் ஒட்டலாமே என்று நீங்கள் கேட்டால் என்னிடம் முழுப் பதில் இல்லை.

புதுமணப்பெண்: என் சேலையில் டிசைன் அங்கங்கே நூலளவு விலகியிருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

இல்லைம்மா. ஒவ்வொரு நாடா ஓட்டத்திலும் ஊடையை இழுத்துக் குறிக்கு நேராக வைக்கிறார்கள். கரையோரம் குட்டிக் குட்டி வளையங்களாக நூல் நீட்டியிருந்தால் அந்த இழுப்பின் தடம் அது. ஓரத்தின் மெல்லிய கலங்கலும் இயல்புதான். டிசைன் போகப் போக ஒரே பக்கமாகச் சரிந்திருந்தால் மட்டும் நெசவு சரியில்லை என்று சொல்வேன்.

ஐடி ஊழியர்: தறி வீட்டிலேயே வாங்கினால் பணம் முழுக்க நெசவாளருக்குத்தானே போகும்?

எப்போதும் இல்லை தம்பி. பலர் முதலாளி நெசவாளரிடம் நூல் வாங்கிக் கூலிக்கு நெய்கிறார்கள். தறியில் இருக்கும் சேலை அவர்களுடையதே இல்லை, அதை விற்கச் சொல்லி வற்புறுத்தினால் சங்கடப்படுவார்கள். "இது சொந்தப் பாவா, கூலிப் பாவா?" என்று கேளுங்கள். சொந்தம் என்றால் அங்கேயே வாங்கலாம். கூலி என்றால் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போங்கள். புது டிசைனைப் படம் எடுக்கும் முன் அனுமதி கேளுங்கள், நகல் எடுத்து அச்சடிக்க ஒரு நல்ல போட்டோ போதும்.