கடைக்கு 140 பேர் வந்தார்கள் என்கிறது விளம்பர அறிக்கை: நம்பலாமா?

"திண்டுக்கல்லில் எங்களுக்கு இரண்டு வீட்டு உபயோகப் பொருள் கடைகள். மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி, குக்கர் விற்கிறோம். மாதம் 15,000 ரூபாய்க்குக் கூகுளில் விளம்பரம் செய்கிறோம். விளம்பரத்தைப் பார்த்துக் கடைக்கு வந்தவர்கள் ஜூனில் 140 பேர், ஜூலையில் 60 பேர் என்று ஏஜென்சி அறிக்கை கொடுத்தது. ஆகஸ்டில் அந்தக் கட்டமே காலி. ஆனால் ஆடித் தள்ளுபடிக்குக் கூட்டம் நன்றாகவே வந்தது. ஜூலையில் விளம்பரப் படங்களை மாற்றியதுதான் காரணம், பழைய படங்களைப் போட்டு பட்ஜெட்டை 25,000 ஆக்குங்கள் என்கிறார்கள். செய்யலாமா?"

இப்போதைக்கு வேண்டாம். பழைய படங்கள் நல்லவையா, புதியவை நல்லவையா என்பது எனக்குத் தெரியாது. அந்த அறிக்கையை வைத்து ஏஜென்சிக்கும் அது தெரிய வாய்ப்பில்லை. 140, 60 என்ற இரண்டு எண்களையும் யாரும் எண்ணிப் பார்த்து எழுதவில்லை. அவை மதிப்பீடுகள். உங்கள் அளவுள்ள கடைக்கு அந்த மதிப்பீடு மிகச் சிலருடைய கைபேசிகளை வைத்து எழுப்பப்படுகிறது.

`Store visits` என்ற இந்த அளவீட்டைக் கூகுள் 2014இல் அறிமுகப்படுத்தியது. ஒருவர் உங்கள் விளம்பரத்தைத் தொடுகிறார். அவர் கூகுள் கணக்கில் உள்நுழைந்திருக்க வேண்டும். சென்று வந்த இடங்களைப் பதிவு செய்யும் `Timeline` வசதியை அவரே இயக்கியும் வைத்திருக்க வேண்டும். இயல்பாக அது அணைந்தே இருக்கும். இத்தனையும் அமைந்த ஒருவர் பின்னர் உங்கள் கடைப் பக்கம் வந்தால், ஜிபிஎஸ், அருகிலுள்ள வைஃபை முதலியவற்றைக் கொண்டு அவர் உள்ளே வந்தாரா, தெருவோடு போனாரா என்று கூகுள் கணிக்கிறது. இப்படிக் கண்ணில் படுகிறவர்கள் ஒரு பகுதியினர்தான். மற்றவர்களும் ஏறக்குறைய இதே விகிதத்தில் வந்திருப்பார்கள் என்று வைத்துக்கொண்டு எண்ணைப் பெருக்கி, அந்த மொத்தத்தை அறிக்கையில் காட்டுகிறது.

எவ்வளவு பெருக்குகிறது என்பதைக் கூகுள் வெளியே சொல்வதில்லை. ஆகவே ஒரு கணக்குக்காகப் பத்தில் ஒருவர் கண்ணில் படுகிறார் என்று கொள்வோம். ஒரு கிளிக்குக்கு 6 ரூபாய் என்றால் உங்கள் 15,000 ரூபாய்க்கு 2,500 கிளிக்குகள் கிடைக்கும். அவர்களில் நூற்றுக்கு நான்கு பேர் கடைக்கு வந்தால் உண்மையில் வந்தவர்கள் 100 பேர். கூகுளின் கண்ணில் பட்டவர்கள் 10 பேர். பத்தைப் பத்தால் பெருக்கி 100 என்று அறிக்கை வரும். இதுவரை சரியாகத்தான் இருக்கிறது.

அடுத்த மாதமும் அச்சாக அதே 100 பேர்தான் வருகிறார்கள் என்று வையுங்கள். அவர்களில் கண்ணில் படுகிறவர்கள் மறுபடியும் சரியாகப் பத்துப் பேராக இருப்பார்களா? இருக்கமாட்டார்கள். ஒரு மாதம் ஏழு பேர், இன்னொரு மாதம் பதின்மூன்று பேர் என்று தற்செயலாக ஏறி இறங்கும். இந்த ஏற்ற இறக்கத்தின் அளவை அறியப் புள்ளியியலில் ஓர் எளிய வழி உண்டு: எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை எடுங்கள். பத்தின் வர்க்கமூலம் ஏறத்தாழ மூன்று. அதைப்போல் இரு மடங்கு வரை கூடவோ குறையவோ செய்வது சகஜம். அதாவது கண்ணில் படுகிறவர்கள் 4 பேரிலிருந்து 16 பேர் வரை எத்தனை பேராகவும் இருக்கலாம். பெருக்கினால் அறிக்கையில் 40 முதல் 160 வரை எந்த எண்ணும் வரலாம். கடையிலோ விளம்பரத்திலோ எதுவும் மாறாமலேயே இது நடக்கும்.

உங்கள் எண்களை இதில் பொருத்திப் பாருங்கள். ஜூனின் 140 என்பது 14 கைபேசிகள், ஜூலையின் 60 என்பது 6 கைபேசிகள். இரண்டும் அந்த எல்லைக்குள் அடங்கிவிடுகின்றன. எட்டுக் கைபேசிகளின் வித்தியாசத்தைக் காட்டித்தான் உங்களிடம் மாதம் பத்தாயிரம் ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார்கள்.

குறைந்தது 100 வருகைகளாவது உள்ள காலப்பகுதியை எடுத்துப் பார்க்கும்படி கூகுளின் உதவிப் பக்கமே அறிவுறுத்துகிறது. ஜூன் அந்த 100ஐத் தாண்டிவிட்டதே என்று ஏஜென்சி சொல்லக்கூடும். அந்த 100 பெருக்கிய பிறகு வரும் எண். அதற்குப் பின்னால் எத்தனை கைபேசிகள் இருந்தன என்பது உங்களுக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது.

இதே கருவி பெரிய நிறுவனங்களுக்கு ஓரளவு நன்றாகவே பயன்படுகிறது. நாற்பது கிளைகள் வைத்திருப்பவருக்கு மாதம் 400 கைபேசிகள் கண்ணில் படுகின்றன என்றால், வர்க்கமூலம் 20, இரு மடங்கு 40. பத்து சதவீத ஏற்ற இறக்கம்தான். படத்தை மாற்றியதால் வருகை 20 சதவீதம் கூடினால் அவரால் கண்டுபிடித்துவிட முடியும். அதே 20 சதவீத மாற்றத்தை நீங்கள் ஓரளவு உறுதியாகக் காண வேண்டுமானால், பழைய படத்துக்கு ஏறத்தாழ 400, புதிய படத்துக்கு ஏறத்தாழ 400 கைபேசிகள் வேண்டும். மாதம் பத்து என்ற கணக்கில் ஒவ்வொரு படத்துக்கும் மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதற்குள் நீங்கள் விற்கும் மிக்ஸி மாடல்களே மாறிவிடும்.

ஆகஸ்ட் கட்டம் காலியாக இருப்பதைப் பூஜ்யம் என்று படிக்க வேண்டாம். தனி மனிதர்களை அடையாளம் காண இடம் கொடுக்கக் கூடாது என்பதற்காக, தரவு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் கூகுள் எண்ணையே காட்டாது. ஆடிக் கூட்டம் ஜூலையில் தெரியாமல் போனதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். இந்த அறிக்கை வழக்கமாக வருகையைக் கடைக்கு வந்த நாளில் எழுதுவதில்லை, விளம்பரத்தைத் தொட்ட நாளில் எழுதுகிறது. தொட்ட பிறகு 30 நாள் வரை வந்தாலும் கணக்கில் சேரும். ஜூன் கடைசி வாரத்தில் விளம்பரத்தைத் தொட்டு, தள்ளுபடி தொடங்கட்டும் என்று காத்திருந்து ஜூலை இறுதியில் வந்தவர் ஜூன் கட்டத்தில்தான் உட்கார்ந்திருப்பார். கடைசி மாதத்தின் எண் முழுமையடையவும் இதனால் சில வாரங்கள் ஆகும்.

எண்ணிக்கை போதாமை ஒரு பக்கம் இருக்க, கண்ணில் படுகிற அந்தச் சிலர் உங்கள் வாடிக்கையாளர்களைப் போன்றவர்கள்தானா என்பது தனிக் கேள்வி. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது, எல்லா அரிசியும் ஒரே உலையில் வெந்ததால்தான் செல்லும். இருப்பிடப் பதிவை இயக்கி வைத்திருக்கும் இளைஞரையும், கிரைண்டர் வாங்க வரும் ஐம்பத்தைந்து வயது அம்மாவையும் ஒரே உலையில் சேர்க்க முடியாது. உங்கள் தொழிலில் இது அடிக்கடி நடக்கும்: சென்னையில் வேலை பார்க்கும் மகன் விளம்பரத்தைப் பார்த்து விலை விசாரிக்கிறார், திண்டுக்கல்லில் இருக்கும் அம்மா கடைக்கு வந்து வாங்குகிறார். விளம்பரம் வேலை செய்துவிட்டது, ஆனால் அறிக்கையில் யாருமே வரவில்லை. இதற்கு நேர்மாறாக, கடைகள் ஒட்டி ஒட்டி இருக்கும் கடைவீதியில் இருப்பிடக் கணிப்பு சில பத்து மீட்டர் பிசகினாலே பக்கத்துத் துணிக்கடைக்குப் போனவர் உங்கள் கணக்கில் ஏறிவிடக்கூடும்.

எல்லாவற்றையும் விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. உங்கள் கடையின் பெயரையே கூகுளில் தட்டித் தேடுகிறவர் ஏற்கெனவே வரத் தீர்மானித்தவர். தொலைபேசி எண்ணோ வழியோ வேண்டும், முதலில் தெரிகிற விளம்பரத்தைத் தொடுகிறார், வருகிறார். அறிக்கை அவரை விளம்பரம் கொண்டுவந்த வாடிக்கையாளர் என்று எழுதிக்கொள்கிறது. விளம்பரத்தைத் தொட்டவர் வந்தார் என்பதை மட்டுமே இந்த அளவீடு சொல்லும். விளம்பரம் இல்லாவிட்டால் வந்திருப்பாரா என்பதை அதனால் சொல்ல முடியாது. கைபேசிகள் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் இந்தக் குறை தீராது.

சரி, எதை வைத்து முடிவெடுப்பது? முதலில், விளம்பரக் கணக்கில் `Store visits` எந்த நிலையில் இருக்கிறது என்று ஏஜென்சியிடம் கேளுங்கள். `Primary` என்றிருந்தால், அறிக்கையில் பார்ப்பதற்கு மட்டுமான `Secondary` ஆக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால், எந்தத் தேடலுக்கு எவ்வளவு கொடுப்பது என்று தானே தீர்மானிக்கும் கூகுளின் தானியங்கி ஏலமுறை அந்த எட்டுக் கைபேசிகளின் ஆட்டத்தைப் பாடமாகக் கற்று, அதன்படி உங்கள் பணத்தைச் செலவழிக்கும்.

அடுத்து, எத்தனை பில் கிடைத்தால் செலவு தேறும் என்று கணக்கிடுங்கள். சராசரி பில் 2,500 ரூபாய், அதில் உங்களுக்கு நிற்பது 12 சதவீதம் என்றால் ஒரு பில்லுக்கு 300 ரூபாய். 15,000 ரூபாய் விளம்பரச் செலவை எடுக்க மாதம் 50 கூடுதல் பில்கள் வேண்டும். உங்கள் உண்மையான எண்களைப் போட்டு இதைத் திருத்திக்கொள்ளுங்கள்.

பிறகு ஒரு மாதம், இரண்டு கடைகளிலும் பில் போடும் இடத்தில் ஒவ்வொருவரிடமும் "நம்ம கடையைப் பற்றி எப்படித் தெரியும்?" என்று கேட்டுக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். "விளம்பரம் பார்த்தீர்களா?" என்று கேட்கக் கூடாது, மரியாதைக்காகவே பலர் ஆமாம் என்பார்கள். கூகுள் என்று சொல்பவரின் கைபேசி எண் உங்கள் பில்லிங் கணக்கில் முன்பே இருந்தால் அவர் பழைய வாடிக்கையாளர், அவரைச் சேர்க்க வேண்டாம். மகனோ மகளோ பார்த்துச் சொன்னதாகச் சொல்பவரைச் சேருங்கள்.

இதுவும் துல்லியமான கணக்கு அல்ல. சிலர் மறந்திருப்பார்கள், சில நேரம் ஊழியர் கேட்க மறந்திருப்பார். ஆனால் உங்களுக்கு வேண்டியது துல்லியமான எண் அல்ல, 50க்கு மேலா கீழா என்பதுதான். மாத முடிவில் 12 பேர் என்று வந்தால், பாதிப் பேர் விட்டுப்போனதாக வைத்து இரட்டித்தாலும் 24தான். செலவைக் குறையுங்கள். 70 வந்தால் தாராளமாகத் தொடரலாம். 40, 50 என்று நடுவில் நின்றால் பட்ஜெட்டை 15,000இலேயே வைத்து இன்னும் இரண்டு மாதம் குறியுங்கள்.

சில வாரம் விளம்பரத்தை நிறுத்தி விற்பனை குறைகிறதா என்று பார்க்கலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். பெரிய கடைகளுக்கு அது நல்ல சோதனை. உங்களுக்கு வாரம் 280 பில் போடப்படுகிறது என்றால், முகூர்த்தம், சம்பள நாள், மழை என்று வாரத்துக்கு வாரம் முப்பது பில் வரை தானாகவே கூடிக் குறையும். விளம்பரம் கொண்டுவரும் பத்துப் பில் அந்த இரைச்சலில் கேட்காது.

ஏஜென்சியிடம் இன்னும் ஒன்று கேட்டு வாங்குங்கள்: மக்கள் என்ன சொற்களைத் தட்டித் தேடி உங்கள் விளம்பரத்துக்கு வந்தார்கள் என்று காட்டும் `Search terms` அறிக்கை. அதில் உங்கள் கடைப் பெயரைத் தட்டியவர்களின் கிளிக்குகளையும், "திண்டுக்கல் கிரைண்டர் கடை" போலப் பொருளைத் தேடியவர்களின் கிளிக்குகளையும் தனித்தனியாகக் கூட்டித் தரச் சொல்லுங்கள். பாதிக்கு மேல் உங்கள் கடைப் பெயராகவே இருந்தால், 25,000 பற்றிய பேச்சுக்கே இடமில்லை. அந்தச் சொற்களுக்குப் போகும் பணத்தைப் பொருள் தேடுகிறவர்கள் பக்கம் திருப்பச் சொல்லுங்கள்.