பதினைந்து விநாடி பாட்டுக்கும் உரிமை வேண்டுமா?

கேள்வி: பெங்களூரு எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் ஒரு மசாலா ஸ்டார்ட்அப்பில் டிசைன் இன்டர்னாக இருக்கிறேன். பொங்கலுக்கு 40 விநாடி வீடியோ கேட்டிருக்கிறார்கள். அன்ஸ்பிளாஷில் எடுத்த ஒரு விவசாயி படம், நண்பர் அனுப்பிய தமிழ் ஃபான்ட், ரீல்ஸில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சினிமாப் பாட்டில் 15 விநாடி, இவ்வளவுதான். மேனேஜர் "லைசென்ஸ் எல்லாம் பார்த்துட்டியா?" என்கிறார். எங்கே, எதைப் பார்ப்பது?

பதில்: முதலில் பாட்டை எடுத்துவிடுங்கள். 15 விநாடி, 30 விநாடிக்குள் இருந்தால் பரவாயில்லை என்று ஒரு கணக்கு எல்லா ஆபீஸிலும் சுற்றுகிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் அப்படி ஒரு விநாடிக் கணக்கு கிடையாது. சொந்த உபயோகம், விமர்சனம், செய்தி போன்றவற்றுக்குச் சட்டம் கொஞ்சம் இடம் கொடுக்கிறது. மசாலா விற்கும் விளம்பரம் அதில் வராது. பாட்டின் பெயரையும் இசையமைப்பாளர் பெயரையும் கீழே போட்டாலும் அனுமதி வாங்கியதாக ஆகிவிடாது.

"எல்லாரும் ரீல்ஸில் போடுகிறார்களே" என்று தோன்றும். தனிநபர் கணக்குகளுக்காக இன்ஸ்டாகிராம் செய்திருக்கும் ஏற்பாடு அது. நிறுவனத்தின் பிசினஸ் கணக்கில் அந்தப் பாட்டுகளில் பல தேடினாலும் வராது. அப்போது உங்கள் சொந்தக் கணக்கில் பாட்டைச் சேர்த்து, டவுன்லோடு செய்து, கம்பெனி கணக்கில் ஏற்றலாம் என்று யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள். வீடியோ விளம்பரம் என்பது அப்படியேதான் இருக்கும், உரிமை மட்டும் இருக்காது.

சினிமாப் பாட்டு ஒன்றில் உரிமை இரண்டு அடுக்காக இருக்கிறது. வரியும் மெட்டும் ஒன்று. ஸ்டுடியோவில் பதிவான ஒலி இன்னொன்று. பெரும்பாலும் ஒலிப்பதிவு மியூசிக் லேபிளிடம் இருக்கும். வீடியோவோடு சேர்த்து ஓட்ட இரண்டுக்கும் அனுமதி வேண்டும். பழைய பாட்டு என்றால் தப்பிக்கலாம் என்று நினைக்கும் இடத்திலும் இதே சிக்கல் வரும். பாரதியார் 1921-ல் மறைந்தவர். அவர் வரிகளை நீங்கள் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் பிற்காலத்தில் ஒருவர் போட்ட மெட்டுக்கும், இன்னொருவர் பாடிய பதிவுக்கும் தனித்தனி உரிமை உண்டு. இந்தியாவில் மெட்டுக்கு இசையமைப்பாளரின் ஆயுளும் அதற்குப் பின் 60 ஆண்டும். ஒலிப்பதிவுக்கு வெளியானதிலிருந்து 60 ஆண்டு. தியாகராஜர் கிருதிக்கும் இதே நிலைதான்: கிருதிக்கு உரிமைத் தடை இல்லை, போன வருடம் வெளியான ஆல்பத்துக்கு உண்டு.

சரி, வேறு இசை தேடும் முன் மேனேஜரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த வீடியோ எங்கெல்லாம் போகும்? இன்ஸ்டாவும் யூடியூபும் மட்டும்தானா, பணம் கட்டி விளம்பரமாக ஓட்டுவார்களா, கடைத் திரையில் வருமா, அடுத்த வருடமும் பயன்படுமா? பதிலை மெயிலில் வாங்கி வையுங்கள். லைசென்ஸ் என்பது ஃபைலுக்குத் தரும் அனுமதி இல்லை. யார், எங்கே, எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதற்குத் தரும் அனுமதி. அது தெரியாமல் லைசென்ஸ் பக்கத்தைப் படித்துப் பயனில்லை.

உதாரணமாக, மெட்டாவின் Sound Collection-இல் இருக்கும் இசை ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமுக்காகத் தரப்படுவது. உங்கள் வீடியோ யூடியூபுக்கும் போகிறது, அதனால் அது பொருந்தாது. எபிடெமிக் சவுண்ட், ஆர்ட்லிஸ்ட் மாதிரி சந்தா தளங்களில் தனிநபர் திட்டம் வேறு, நிறுவனத் திட்டம் வேறு. உங்கள் சொந்த சந்தாவில் எடுத்து கம்பெனி வீடியோவில் போட்டால் அந்த லைசென்ஸ் கம்பெனிக்குப் போய்ச் சேராது. எப்போதும் கம்பெனி மெயில் ஐடி, கம்பெனி கணக்கு.

படைப்பாளிகளே சில நிபந்தனைகளோடு எல்லாருக்கும் பயன்படுத்தத் தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் இசை எடுத்தால், உரிமத்தின் பெயரில் வரும் எழுத்துகளைக் கவனியுங்கள். NC இருந்தால் வணிகத்துக்கு ஆகாது, விட்டுவிடுங்கள். பலர் தவறவிடுவது ND. மாற்றக் கூடாது என்றுதானே சொல்கிறது, நான் பாட்டை வெட்டவே இல்லையே என்பார்கள். ஆனால் 4.0 உரிமத்தில், இசையை ஓடும் காட்சியோடு நேரம் பொருத்திச் சேர்த்தாலே அது மாற்றிய படைப்பு என்று எழுதியே இருக்கிறது. ஆகவே ND இசை எந்த வீடியோவுக்கும் உதவாது. SA இருந்தால் உங்கள் விளம்பரத்தையே அதே உரிமத்தில் ஊருக்குத் தர வேண்டி வரும். எந்த நிறுவனமும் ஒத்துக்கொள்ளாது. வெறும் CC BY என்றால் பெயரும் உரிமமும் இணைப்பும் விவரப் பகுதியில் போட்டுப் பயன்படுத்தலாம்.

அப்புறம் ஃபான்ட். நம் ஊர் டிடிபி கடைகளிலிருந்து கைமாறி வந்த "500 தமிழ் ஃபான்ட்" மூட்டைகளில் எது இலவசம், எது விலை கொடுத்து வாங்க வேண்டியது என்று யாருக்கும் தெரியாது. விண்டோஸில் அந்த .ttf ஃபைலின் மேல் ரைட் கிளிக் செய்து Properties, அதில் Details பாருங்கள். உரிமையாளர் பெயர் இருந்தால் அவர் தளத்துக்குப் போய் நிபந்தனையைப் படியுங்கள். பெயரே இல்லை, அல்லது Personal use only என்றிருந்தால் கைவிடுங்கள். தமிழில் நல்ல மாற்றுகள் இருக்கின்றன: கூகுள் ஃபான்ட்ஸில் காட்டமரன், முக்தா மலர், ஹிந்த் மதுரை, பலூ தம்பி, அனெக் தமிழ். இவை ஓப்பன் ஃபான்ட் உரிமத்தில் வருபவை. வணிக வீடியோவில் தயங்காமல் போடலாம். டவுன்லோடு செய்த ஜிப்பில் இருக்கும் OFL.txt ஃபைலை அழிக்காமல் வையுங்கள்.

விலை கொடுத்து வாங்கிய ஃபான்ட் என்றால் ஒரு விஷயம். டிசைனை வெளி ஏஜென்சிக்கு அனுப்பும்போது இல்லஸ்ட்ரேட்டரில் Package கொடுத்தால் ஃபான்ட் ஃபைலும் சேர்ந்து போய்விடலாம். பெரும்பாலான லைசென்ஸ்களில் அதற்கு அனுமதி இல்லை. எழுத்தை அவுட்லைனாக மாற்றி அனுப்புங்கள்.

படம் அன்ஸ்பிளாஷில் இருந்து வந்தது, வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். ஆனால் அந்த லைசென்ஸ் போட்டோகிராபர் தருவது. படத்தில் இருக்கும் விவசாயி தருவது இல்லை. அவர் முகம் உங்கள் மசாலாப் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் வந்தால், அவரே சிபாரிசு செய்வதாக ஆகும். அவரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்களா என்று உங்களுக்குத் தெரியாது. முகம் தெரியாத படமாக மாற்றுங்கள். கரும்பும் மஞ்சள் கொத்தும் கே.ஆர். மார்க்கெட்டில் சங்கராந்திக்கு முன் குவிந்திருக்கும். போனிலேயே ஒரு காலையில் எடுத்துவிடலாம். வேறு படம் தேடினால், கூகுள் லென்ஸில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். அதே படம் ஒரு ஸ்டாக் தளத்தில் விற்பனைக்கு இருந்தால், இலவசத் தளத்தில் ஏற்றியவர் உண்மையான உரிமையாளர்தானா என்பது சந்தேகம். ஸ்டாக் தளத்தில் Editorial use only என்றிருந்தால் பணம் கொடுத்தாலும் விளம்பரத்தில் போட முடியாது.

ஒவ்வொன்றையும் டவுன்லோடு செய்யும் நாளிலேயே அந்தப் பக்கத்தின் இணைப்பு, தேதி, லைசென்ஸ் தெரியும் ஸ்கிரீன்ஷாட், பில் இருந்தால் பில், எல்லாவற்றையும் ப்ராஜெக்ட் ஃபோல்டரில் போட்டுவிடுங்கள். தளங்கள் நிபந்தனையை மாற்றுவதுண்டு. நீங்கள் எடுத்த நாளில் என்ன இருந்தது என்பதே பின்னால் கேட்கப்படும். முறையாக வாங்கிய இசைக்கும் யூடியூபில் கன்டென்ட் ஐடி கிளெய்ம், அதாவது பாட்டைத் தானாக அடையாளம் கண்டு வேறொருவர் பெயரில் எழும் உரிமைக் கோரிக்கை, வரலாம். வந்தால் பதறி வீடியோவை எடுக்க வேண்டாம். அந்த ஃபோல்டரில் இருக்கும் லைசென்ஸ் விவரத்தைக் காட்டி டிஸ்ப்யூட் போடுங்கள், அல்லது இசை வாங்கிய தளத்துக்கு எழுதி கிளெய்மை நீக்கச் சொல்லுங்கள். அதற்குள் உங்கள் இன்டர்ன்ஷிப் முடிந்திருக்கலாம். அதனால் ஃபோல்டர் உங்கள் லேப்டாப்பில் இல்லாமல் கம்பெனி டிரைவில் இருக்கட்டும்.