ரெண்டும் ஒரே மாவு: முதல் இரண்டு நொடி பற்றி

அன்புள்ள ஆசிரியருக்கு,

யூடியூபில் சமையல் ஷார்ட்ஸ் போட ஆரம்பித்து நான்கு மாதம் ஆகிறது. தோசை வட்டமாக, மெல்லிசாக வர என்ன செய்ய வேண்டும் என்று 48 நொடியில் ஒரு வீடியோ போட்டேன். கல்லில் எண்ணெயை ஊற்றக் கூடாது, வெங்காயத்தால் துடைக்க வேண்டும் என்பதுதான் அதில் முக்கியமான விஷயம். முழுதாகப் பார்த்தவர்கள் பயன்பட்டது என்கிறார்கள். ஆனால் நூறு பேரில் 63 பேர் தள்ளிவிட்டுப் போனதாக யூடியூப் ஸ்டுடியோ காட்டுகிறது. வணக்கம் சொல்லி, இன்று என்ன பார்க்கப் போகிறோம் என்று சொல்லித்தான் தொடங்குகிறேன். தொடக்கத்திலேயே பார்ப்பவரைப் பிடித்து நிறுத்தும் ஹூக் வேண்டும் என்கிறார்கள். கத்திப் பேசவோ கண்ணை உருட்டவோ எனக்கு வராது. வேறு வழி உண்டா?

க., தாராபுரம்

அன்புள்ள க.,

கத்தவே வேண்டாம். முதல் இரண்டு நொடியில் பார்ப்பவருக்கு இரண்டு விஷயம் நடந்தால் போதும். ‘இது என் அடுப்படியில் நடப்பது’ என்று தெரிய வேண்டும். ‘அப்புறம் என்ன?’ என்பது தெரியாமல் இருக்க வேண்டும். முதலாவது இல்லாவிட்டால் அவருக்கு அந்த வீடியோவோடு சம்பந்தமே இல்லை. இரண்டாவது இல்லாவிட்டால் பார்க்க மிச்சம் ஒன்றும் இல்லை. ‘இன்று தோசை வட்டமாக வருவது எப்படி என்று பார்க்கலாம்’ என்ற உங்கள் தொடக்கம் தலைப்பை மட்டும் சொல்கிறது. அதுவும் வணக்கம் முடிந்த பிறகு.

இரண்டு நொடி என்பது எவ்வளவு என்று முதலில் அளந்து பாருங்கள். நிதானமாகப் பேசினால் தமிழில் நாலைந்து சொற்கள்தான் அதில் அடங்கும். ‘எல்லாருக்கும் வணக்கம், நம்ம சேனலுக்கு வரவேற்கிறேன்’ என்பதற்கே அது தீர்ந்துவிடும். இன்னொரு செலவும் உண்டு, பலர் அதைக் கவனிப்பதில்லை. பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டுக் கையை எடுக்கும் நேரம், பேசுவதற்கு முன் இழுக்கும் மூச்சு, இரண்டும் சேர்ந்து அரை நொடிக்கு மேல் போகும். VN, InShot போன்ற வீடியோ வெட்டும் ஆப்பில் ஒலி அலையைப் பெரிதாக்கிப் பார்த்தால், அலை எழும்புவதற்கு முன் ஒரு தட்டையான கோடு தெரியும். அந்தக் கோடு முடியும் இடத்தில் வெட்டுங்கள். முதல் சொல்லின் முதல் எழுத்து மட்டும் நறுக்குப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ‘மாவு’ என்பது ‘ஆவு’ என்று கேட்டால் ஒரு இழை அதிகமாக வெட்டிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

இனி படம். முதல் சட்டகத்திலேயே ஏதோ ஒன்று பாதி நடந்துகொண்டிருக்க வேண்டும். மூடிய அடுப்பு, அடுக்கி வைத்த கிண்ணங்கள், கேமராவைப் பார்த்து நிற்கும் முகம் ஆகிய மூன்றும் எல்லாச் சமையல் வீடியோவிலும் ஒரே மாதிரி இருப்பவை. உங்கள் விஷயத்தில் நடப்பது என்ன? கல்லில் எண்ணெய் தேங்கி நிற்கிறது, மாவை ஊற்றித் தேய்க்கிறோம், மாவு கல்லில் பிடிக்காமல் கரண்டியோடு சுருண்டு வருகிறது. தோசை சுடும் யாருக்கும் அந்தக் காட்சி விளக்கமில்லாமல் புரியும். கல்லுக்கு நேர் மேலே போனை வைத்து, கல் திரையின் அகலம் முழுதும் நிறையும்படி எடுங்கள். ஆவி லென்ஸில் படிந்து படம் மங்கும் என்பதால், ஒவ்வொரு முறையும் துடைத்துவிட்டு எடுக்க வேண்டும்.

இங்கே ஒரு தவறு எளிதாக நேரும். பிய்ந்துபோன தோசை பார்க்க இன்னும் பரிதாபமாக இருக்கும், அதையே முதலில் காட்டலாமே என்று தோன்றும். ஆனால் தோசை பிய்வதற்குக் காரணம் வேறாக இருக்கலாம். கல் சூடேறாமல் இருந்திருக்கலாம், கல்லே பழகாமல் இருந்திருக்கலாம். நீங்கள் சொல்லும் தீர்வு அதிக எண்ணெய்க்கு. அதனால் அதிக எண்ணெயால் வரும் பழுதைத்தான் காட்ட வேண்டும். பிய்ந்த தோசையைப் பார்த்து நின்றவர், எண்ணெயைப் பற்றிப் பேச்சு வந்ததும் ‘இது என் பிரச்சினை இல்லை’ என்று போய்விடுவார். அது ஏமாற்றமாகவும் இருக்கும். அடுத்த வீடியோவில் உங்கள் பெயரைப் பார்த்தாலே தள்ளுவார்.

அடுத்தது வாக்கியம். ஆங்கிலத்தில் சொல்லித்தரும் ஹூக் வரிகளை அப்படியே தமிழாக்கினால் இங்கே இடறும். நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும். ‘தோசை சுடும்போது நாம எல்லாரும் வழக்கமா செய்யுற ஒரு பெரிய தப்பு என்னன்னா...’ என்று ஆரம்பித்தால், தப்பு என்ன என்பது நாலாவது நொடியில்தான் வரும். அதற்குள் விரல் நகர்ந்திருக்கும். பேச்சுத் தமிழில் இதற்கு நல்ல வழி இருக்கிறது: பொருளை முதலில் வை, வாக்கியத்தை உடனே முடி. ‘மாவு கரண்டியோடயே வருதா?’ மூன்றே சொல். முதல் சொல்லே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. ‘உங்களுக்குத் தெரியுமா’ என்பதை விட்டுவிடுங்கள். அதில் பொருளே இல்லை. தோசைக்கும் பொருந்தும், துணி துவைப்பதற்கும் பொருந்தும்.

ஹூக் வகைகள் என்று நீண்ட பட்டியல்கள் சுற்றுகின்றன. தொடங்குபவருக்கு மூன்று போதும். உங்கள் தோசையை வைத்தே பார்ப்போம்.

முதல் வகை, பழுதின் நடுவில் ஆரம்பிப்பது. சுருளும் மாவு, கரண்டி கல்லில் உரசும் சத்தம், மேலே சொன்ன கேள்வி. எடுக்க எளிது. அந்தப் பழுது உள்ளவர்களை மட்டும் சரியாக நிறுத்தும். ‘எனக்கு நல்லாத்தானே வருது’ என்பவர்கள் போய்விடுவார்கள், அதில் நட்டமில்லை.

இரண்டாவது, வழக்கத்தைத் திருப்பிச் சொல்வது. எண்ணெய்க் கிண்ணத்திலிருந்து கை ஸ்பூனை எடுக்கிறது, கல்லுக்கு மேலே வந்து நிற்கிறது. ‘எண்ணெய் ஊத்தாதீங்க. தொடைங்க.’ இது வலுவானது, ஆனால் எச்சரிக்கையாகக் கையாள வேண்டியது. சொல்வது உண்மையாகவும் காரணத்தோடும் இருக்க வேண்டும். மாவை ஊற்றும் முன் கல்லில் தேங்கும் எண்ணெய்தான் மாவைப் பிடிக்கவிடாது. தேய்த்து முடித்த பிறகு ஓரத்தில் விடும் எண்ணெயால் கெடுதல் இல்லை. அந்த வேறுபாட்டை அடுத்த சில நொடிக்குள் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் எண்ணெயே இல்லாத தோசை என்று நினைத்து வந்தவர்கள் கருத்துப் பகுதியில் சண்டைக்கு நிற்பார்கள்.

மூன்றாவது, இரண்டு முடிவுகளைப் பக்கத்தில் வைப்பது. உங்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஒரு தட்டில் வெளிச்சம் ஊடுருவும் மெல்லிசான தோசை, பக்கத்துத் தட்டில் கட்டிகட்டியாகச் சுருண்ட ஒன்று. கை மெல்லிசைத் தூக்கிக்கொண்டிருக்கும்போதே வீடியோ தொடங்குகிறது. ‘ரெண்டும் ஒரே மாவு.’ ஒரு நொடிதான் ஆகும். மீதி ஒரு நொடியில் பேசாமல் அடுத்த தட்டைக் காட்டுங்கள். ஒரே மாவு என்றால் வேறு எதில் வித்தியாசம் என்ற கேள்வி தானாக எழுகிறது. நீங்கள் கேட்கவே தேவையில்லை. குரலை உயர்த்தாமல் சொன்னால் இன்னும் நன்றாக இருக்கும். மாவு உண்மையிலேயே ஒரே பாத்திரத்திலிருந்து வந்திருக்க வேண்டும், அதை மட்டும் மாற்றாதீர்கள்.

திரையில் எழுத்து வைப்பதானால் வாயில் சொல்வதையே சுருக்கி வையுங்கள். படம் ஒன்று, குரல் ஒன்று, எழுத்து வேறொன்று என்று மூன்றும் மூன்றைச் சொன்னால் எதுவும் பதியாது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை, ஆகவே மூன்று சொல்லுக்கு மேல் வேண்டாம், இரண்டு வரியாக உடைத்துப் பெரிதாக வையுங்கள். எழுத்து மெல்ல மிதந்து வரும் அனிமேஷனை எடுத்துவிடுங்கள், முதல் சட்டகத்திலேயே அது முழுதாக நிற்க வேண்டும். திரையின் அடியில் தலைப்பும் சேனல் பெயரும் வரும், வலது ஓரத்தில் பொத்தான்கள் வரும். அதனால் நடுவுக்குச் சற்று மேலே, இடது பக்கமாக வைத்தால் மறையாது.

வெளியிடும் முன் ஒரு சோதனை. வீட்டில் யாரிடமாவது போனைக் கொடுத்து இரண்டாவது நொடியில் நிறுத்துங்கள். ‘இது எதைப் பத்தி?’ என்று கேளுங்கள், சொல்லத் தெரிய வேண்டும். ‘அடுத்து என்ன சொல்லப் போறேன்?’ என்று கேளுங்கள், சொல்லத் தெரியக் கூடாது. இரண்டையும் சொல்லிவிட்டால் ரகசியத்தை முன்னாலேயே உடைத்துவிட்டீர்கள். இரண்டுமே சொல்ல முடியாவிட்டால் படம் தெளிவாக இல்லை. பிறகு சத்தத்தை அணைத்துவிட்டு வேறொருவரிடம் இதையே செய்யுங்கள்.

வெளியிட்ட பின் ஸ்டுடியோவில் இரண்டு இடங்களைச் சேர்த்துப் பாருங்கள். ஒன்று, நீங்கள் சொன்ன 63 இருக்கும் இடம்: நின்று பார்த்தவர் எத்தனை, தள்ளிவிட்டுப் போனவர் எத்தனை என்று அது காட்டும். அதை மற்றவர் சேனலோடு ஒப்பிடாதீர்கள், உங்கள் பழைய வீடியோக்களோடு ஒப்பிடுங்கள். நூறு இருநூறு பேருக்குக் காட்டப்பட்ட நிலையில் அந்த எண் நிலையாக இருக்காது, சில நாள் பொறுங்கள். 2025 மார்ச் 31 முதல் ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே ஒரு வியூ என்று எண்ணுகிறார்கள், ஆகவே வியூ எண்ணிக்கையை வைத்து ஹூக்கை எடை போட முடியாது.

இன்னொரு இடம் பார்வையாளர் எதுவரை நின்றார்கள் என்ற வரைகோடு. மீண்டும் மீண்டும் ஓடுவதால் அது 100 சதவீதத்துக்கு மேலேயும் தொடங்கலாம், குழம்ப வேண்டாம். கோடு முதல் இரண்டு மூன்று நொடியில் சரிந்தால் தொடக்கத்தில் பழுது. அங்கே நின்று, ஆறேழு நொடியில் சரிந்தால் ஹூக் வேலை செய்திருக்கிறது, பதில்தான் தாமதம். ‘ரெண்டும் ஒரே மாவு’ என்று நிறுத்திவிட்டு வணக்கத்தை அங்கே நுழைத்தால் இப்படித்தான் ஆகும்.

ஆகையால் ஹூக் முடிந்ததும் மூன்றாவது நொடியில் நேரே கல்லுக்கு வாருங்கள். தண்ணீர் தெளித்துச் சூட்டைத் தணித்து, எண்ணெய் தொட்ட அரை வெங்காயத்தால் துடைத்து, நடுவில் ஊற்றி வெளிப்பக்கமாகச் சுழற்றுவது வரை ஒரே வீச்சில் போகட்டும். மாவின் பதம், கல் பழக்குவது போன்றவை உங்கள் 48 நொடிக்குள் இருந்தால் எடுத்துவிடுங்கள், அவை ஒவ்வொன்றும் தனி வீடியோவுக்கு உரியவை. 25 நொடியில் முடிந்துவிடும். வணக்கத்தைக் கைவிட மனமில்லை என்றால், மெல்லிசான தோசை தட்டுக்கு வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.