ஸ்டோர் ரூமில் கேமரா, அங்கேயே உடை மாற்றம்

கேள்வி: ரெயூனியனில், சேன்-தெனியில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை பார்க்கிறேன். கடை டி-ஷர்ட் மாற்றுவதும் மதியம் சாப்பிடுவதும் பின்பக்கம் இருக்கும் ஒரே அறையில்தான். சரக்கும் அங்கேதான் கிடக்கிறது. சாமான் திருட்டுப் போகிறது என்று போன வாரம் முதலாளி கேமரா மாட்டிவிட்டார். "இது ஸ்டோர் ரூம், மாட்டலாம்" என்கிறார். சரியா அண்ணா?

சரியில்லை தங்கச்சி. ஸ்டோர் ரூம் என்று பெயர் வைத்துவிட்டால், அங்கே நீங்கள் உடை மாற்றுவது இல்லை என்றாகிவிடாது. இங்கேயும் பிரான்ஸ் சட்டம்தான். தரவுப் பாதுகாப்பு ஆணையமான க்னில், ஓய்வறையிலும் உடைமாற்றும் இடத்திலும் கழிப்பறையிலும் ஊழியரைப் படம்பிடிக்கக் கூடாது என்கிறது. தனியிடத்தில் ஒருவரைச் சம்மதமில்லாமல் படம்பிடித்தால் 1 ஆண்டு வரை சிறை, 45,000 யூரோ வரை அபராதம்.

ஒரு சின்ன விலக்கு உண்டு. ஓய்வறைக் காபி மெஷினை யாரோ உடைக்கிறார்கள் என்றால், மெஷின் மட்டும் தெரியும்படி கேமரா வைக்கலாம். உங்கள் முதலாளியும் "அலமாரி மட்டும்தான் தெரிகிறது" என்பார். திரையைக் காட்டச் சொல்லுங்கள். படத்தின் ஓரத்தில் சாப்பாட்டு மேசையோ டி-ஷர்ட் மாட்டும் கொக்கியோ தெரிந்தால் அந்தப் பேச்சு எடுபடாது. திருட்டைப் பிடிக்க அறைக்கு வெளியே, கதவைப் பார்த்து வைத்தாலே போதும். கடை உடுப்பு கட்டாயம் என்றால் உடை மாற்றத் தனி இடம் தருவதும் அவர் பொறுப்பு.

கேமராவைப் பிடுங்கவோ துணி போட்டு மூடவோ வேண்டாம். பழி உங்கள் மேல் திரும்பும். தேதி போட்டு முதலாளிக்குக் கடிதம் எழுதுங்கள். கேமரா எதற்கு, பதிவு எத்தனை நாள் இருக்கும், யார் பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். இதையெல்லாம் அவரே முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும். பதில் வராவிட்டால் க்னிலிடம் இணையத்தில் புகார் செய்யலாம், செலவில்லை. தொழில் ஆய்வாளரிடமும் போகலாம்.

ஆனால் ஒன்று, பலர் ஏமாறும் இடம் இது. கேமரா சட்டவிரோதம் என்பதாலேயே அதன் படம் நீதிமன்றத்தில் செல்லாது என்று நினைத்துவிடாதீர்கள். மயோத் தீவின் மருந்துக்கடை ஒன்றில் 2016-இல் கேமராப் பதிவை ஆதாரமாகக் காட்டி ஒரு காசாளரை வேலையைவிட்டு நீக்கினார்கள். கேமரா பற்றி ஊழியர்களுக்கு முறையாகச் சொல்லவில்லை என்பதால், 2021-இல் பாரிஸ் உச்ச நீதிமன்றம் அந்தப் பதிவைச் சட்டவிரோதம் என்றது. வழக்கு நம் சேன்-தெனி மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தது. முதலில் சரக்குக் கணக்கில் குறை தெரிந்திருக்கிறது, வேறு வழியில் தேடியும் பார்த்திருக்கிறார்கள், படத்தைக் கடை நடத்துபவர் மட்டும் சில நாட்களுக்குப் பார்த்திருக்கிறார் என்று சொல்லி அதே படத்தை ஏற்றுக்கொண்டது. 2024-இல் உச்ச நீதிமன்றமும் சரி என்றது. அது கல்லாவைப் பார்த்த கேமரா. உடை மாற்றும் அறைக்கு இந்தச் சலுகை கிடைப்பது கடினம். ஆனாலும் முதலாளி திருட்டுப்பழி சுமத்தினால் "படம் செல்லாது" என்பதை மட்டும் நம்பி உட்காராதீர்கள்.

நீங்கள் பதிவான படங்களைக் கேட்டுப் பெறவும் உரிமை உண்டு. பதிவுகளைப் பொதுவாக ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பதால் அழிந்துவிடும். நாள், நேரம் குறித்து இந்த வாரமே கேளுங்கள்.