அனுதாபக் கடிதத்திலேயே பணப் பாக்கியையும் லேப்டாப்பையும் எழுதிவிடலாமா?

கேள்வி: எங்கள் கம்பெனியில் கணக்குப் பிரிவில் 11 வருஷம் வேலை பார்த்தவர் நான்கு நாள் முன்பு மாரடைப்பில் இறந்துவிட்டார். அவர் மனைவிக்கு எம்.டி. பெயரில் அனுதாபக் கடிதம் தயாரிக்கும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. வர வேண்டிய தொகை, திருப்பித் தர வேண்டிய லேப்டாப் விவரங்களையும் அதிலேயே சேர்த்துவிடச் சொல்கிறார் மேலாளர். சேர்க்கலாமா? எனக்கு வேலை கற்றுக்கொடுத்ததே அவர்தான். தப்பு செய்தால்கூட எல்லோர் முன்னாலும் சொல்ல மாட்டார், தனியாகக் கூப்பிட்டுச் சொல்வார். ஆனால் நான் எழுதிய வரைவைப் படித்தால் யாருக்கோ எழுதியது போல இருக்கிறது. வரைவை இணைத்திருக்கிறேன்.

பதில்: சேர்க்க வேண்டாம். பணமும் லேப்டாப்பும் வேறொரு கடிதத்தில், வேறொரு நாளில் போகட்டும். இரண்டையும் ஒன்றாக அனுப்பினால், மேலே உள்ள அனுதாப வரிகள் கீழே உள்ள லேப்டாப்புக்கு முன்னுரையாகத்தான் படும். நடைமுறைக் காரணம் ஒன்றும் உண்டு. தொகை விவரம் உள்ள கடிதத்தை அந்த அம்மா நகலெடுத்து வங்கிக்கும் மற்ற அலுவலகங்களுக்கும் கொண்டுபோக வேண்டியிருக்கும். அனுதாபக் கடிதம் வீட்டில் இருக்கிற கடிதம். பிள்ளைகள் பெரியவர்களான பிறகு எடுத்துப் படிப்பார்கள். அதில் ‘உபகரணங்களை 15 நாட்களுக்குள் ஒப்படைக்கவும்’ என்று ஒரு வரி இருக்கக் கூடாது.

இனி உங்கள் வரைவுக்கு வருகிறேன். ‘திடீர் மாரடைப்பால் அகால மரணமடைந்த செய்தி கேட்டு’ என்று தொடங்கியிருக்கிறீர்கள். இறப்பின் காரணத்தை நிறுவனம் எழுத வேண்டியதில்லை. குடும்பத்துக்கு அது தெரியும், மருத்துவச் சான்றிதழில் வேறு மாதிரிகூட இருக்கலாம். ‘உங்கள் கணவர் மறைந்த செய்தி’ என்பதே போதும். ‘அன்னார்’ என்பதையும் எடுத்துவிடுங்கள். அது இரங்கல் சுவரொட்டியின் சொல், மனைவியிடம் பேசும்போது யாரும் சொல்வதில்லை. ‘உங்கள் கணவர்’ என்று ஒருமுறை, பிறகு அவர் பெயர், அப்புறம் ‘அவர்’.

‘எங்கள் நிறுவனத்துக்கு ஈடுசெய்ய இயலாத பேரிழப்பு’ என்ற வரி எல்லா அலுவலகக் கடிதத்திலும் வரும். எழுதுகிறவருக்கு அது மரியாதையாகத் தோன்றும். ஆனால் கணவரை இழந்தவரிடம் நம் இழப்பின் அளவைச் சொல்கிறோம், அதுவும் அவர் இழப்பைச் சொல்வதற்கு முன்பே. நிறுவனம் அந்த இடத்துக்கு இன்னொருவரைச் சேர்க்கத்தான் போகிறது, அதுவும் அவருக்குத் தெரியும். இந்த வரியை நான் முழுதாகவே நீக்கிவிடுவேன். ‘நாம் அனைவரும் ஒரே குடும்பம்’ என்பதையும் அப்படியே.

‘கடின உழைப்பும் நேர்மையும் கடமையுணர்வும் மிக்கவர்.’ இதுதான் உங்களை உறுத்திய வரி என்று நினைக்கிறேன். இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. அவர் பெயரை எடுத்துவிட்டு அதே பிரிவில் இருக்கிற வேறொருவரின் பெயரைப் போட்டுப் பாருங்கள். வரி அப்படியே பொருந்தினால் அது அவரைப் பற்றிய வரி இல்லை. பொருந்தாத வரி உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது: தப்பைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்பவர். கடிதத்தில் போக வேண்டியது அதுதான்.

அதோடு நிறுத்தாமல் அவர் பக்கத்து மேஜைக்காரர்கள் இரண்டு மூன்று பேரிடம் பேசுங்கள். ‘அவர் எப்படிப்பட்டவர்?’ என்று கேட்டால் ‘ரொம்ப நல்லவர்’ என்றுதான் பதில் வரும். ‘அவர் இல்லாததை இந்த வாரம் எந்த வேலையில் உணர்ந்தீர்கள்?’ என்று கேளுங்கள். உண்மையான விஷயம் வெளியே வரும். இரண்டு பேராவது ஒரே மாதிரிச் சொல்வதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வேடிக்கைச் சம்பவங்களும், வீட்டுக்குத் தெரியாமல் இருந்திருக்கக்கூடிய சொந்த விஷயங்களும் வேண்டாம். அவற்றை நண்பர்கள் நேரில் பார்க்கும்போது சொல்லிக்கொள்ளலாம்.

இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது, பாராட்டுவதாக நினைத்தே அதைச் செய்கிறோம். உங்கள் வரைவில் ‘ஆண்டுக் கணக்கு முடிக்கும் நாட்களில் இரவு பத்து மணி வரை அலுவலகத்தில் இருந்து உழைத்தவர்’ என்று இருக்கிறது. அந்தப் பத்து மணிக்கு மனைவி வீட்டில் காத்துக்கொண்டிருந்தார். விடுப்பே எடுக்காதவர், உடம்பு சரியில்லாத நாளிலும் வந்தவர் என்பதெல்லாம் நமக்குப் பெருமை, அந்த வீட்டுக்கு அவர் இல்லாமல் போன நேரத்தின் கணக்கு. மாரடைப்பில் போனவரின் வீட்டில் அது ‘வேலைதான் கொன்றது’ என்றும் படிக்கப்படும். அவர் எவ்வளவு நேரம் வேலை செய்தார் என்பதை விட்டுவிட்டு, கூட இருந்தவர்களிடம் எப்படி நடந்துகொண்டார் என்று எழுதுங்கள்.

‘எந்த உதவி வேண்டுமானாலும் தயங்காமல் கேளுங்கள், எல்லா வகையிலும் துணை நிற்போம்’ என்ற கடைசிப் பத்தியில் இரண்டு சிக்கல். துக்கத்தில் இருக்கிறவர் யாரிடம், எதைக் கேட்பது என்று தெரியாமல் கேட்கவே மாட்டார். அல்லது மூன்று மாதம் கழித்து மகனுக்கு வேலை கேட்டு வருவார், நீங்கள் இல்லை என்பீர்கள். அப்போது இந்தக் கடிதம் பொய்யாகிவிடும். நிர்வாகம் ஒப்புதல் கொடுக்காத எதையும், வேலையோ படிப்புச் செலவோ, கோடிகாட்டக்கூட வேண்டாம். ஒரு ஆளின் பெயர், அவருடைய தொலைபேசி எண், அவர் என்ன செய்வார் என்பது. இந்த மூன்றும் போதும்.

‘இறைவனடி சேர்ந்தார்’, ‘ஆன்மா சாந்தியடைய’ போன்றவை குடும்பத்தின் நம்பிக்கை உறுதியாகத் தெரிந்தால் மட்டும். தெரியாதபோது நிறுவனத்தின் கடிதத்தில் அவை இல்லாமல் இருப்பதே நல்லது.

எம்.டி. அவரை நேரில் அதிகம் அறிந்தவரில்லை என்றால் அறிந்ததுபோல எழுத வேண்டாம். ‘அவரோடு பழகியவர்கள் சொல்கிறார்கள்’ என்று எழுதினால் அதில் எந்தக் குறைவும் இல்லை. உங்கள் வரைவை இப்படி மாற்றிப் பார்த்தேன்:

‘அன்புள்ள திருமதி (பெயர்) அவர்களுக்கு,

உங்கள் கணவர் திரு. (பெயர்) மறைந்த செய்தி எங்களை மிகவும் வருத்தியது. உங்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆழ்ந்த அனுதாபத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

அவர் எங்களுடன் 11 ஆண்டுகள் பணியாற்றினார். கணக்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பொறுமையாக வேலை கற்றுக்கொடுத்தவர் அவர். யாராவது தவறு செய்தால் மற்றவர் முன்னால் சொல்லாமல், தனியே அழைத்துத் திருத்துவார் என்று அவரோடு பழகியவர்கள் சொல்கிறார்கள். இன்று அந்தப் பிரிவை நடத்துகிறவர்களில் சிலர் அவரிடம் வேலை கற்றவர்கள்.

அலுவலகம் தொடர்பாக நீங்கள் இப்போது எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஏதேனும் கேட்க வேண்டியிருந்தால், அவருடன் பணியாற்றிய திரு. (பெயர்) அவர்களை (எண்) என்ற எண்ணில் அழைக்கலாம். இரண்டு வாரம் கழித்து, உங்களுக்குத் தோதான நாளைக் கேட்டுக்கொண்டு அவரே வந்து உங்களைப் பார்ப்பார்.

உங்கள் துயரத்தில் நாங்களும் பங்குகொள்கிறோம்.’

அவ்வளவுதான். ஒரு பக்கத்தில் முக்கால்வாசிகூட வராது, வரவும் வேண்டாம். ‘எதுவும் செய்ய வேண்டியதில்லை’ என்ற வரியை மட்டும் யார் சொன்னாலும் நீக்காதீர்கள். அலுவலகத்திலிருந்து உறை வந்தாலே ஏதோ கையெழுத்துக் கேட்கிறார்கள் என்றுதான் குடும்பம் நினைக்கும். அந்தப் பதற்றத்தை அந்த ஒரு வரி போக்கிவிடும்.

வேலை செய்யும் இடத்திலேயே விபத்தில் இறந்திருந்தால் மட்டும் இந்தக் கடிதத்தைச் சட்ட ஆலோசகர் பார்த்த பிறகு அனுப்ப வேண்டும். எப்படி நடந்தது, யார் பொறுப்பு என்பதைப் பற்றி ஒரு சொல்லும் இருக்கக் கூடாது, பொறுப்பை மறுக்கும் தொனியும் கூடாது. ஆனால் அனுதாபத்தையே அவர் வெட்டிவிட்டால் விடாமல் வாதாடுங்கள். வருத்தம் தெரிவிப்பது வேறு, பொறுப்பேற்பது வேறு.

கடிதம் முதல் வாரத்துக்குள் போய்ச் சேர வேண்டும், அதனால் இன்றே முடித்துவிடுங்கள். நிறுவனத்தின் கடிதத்தாளில் அச்சிட்டு, எம்.டி. பேனாவால் கையெழுத்திட வேண்டும். தொடக்கத்தில் மனைவியின் பெயரையும் அவரே கையால் எழுதினால் இன்னும் நல்லது. ஸ்கேன் செய்த கையெழுத்து வேண்டாம். மின்னஞ்சலில் அனுப்பாமல், அவரை அறிந்த ஒருவர் நேரில் கொடுக்கட்டும். பெயர்களின் எழுத்தை அலுவலகக் கோப்பில் மட்டும் பார்க்காமல் குடும்பத்தை அறிந்த ஒருவரிடமும் கேட்டுச் சரிபாருங்கள். கோப்பில் இருப்பது பத்து வருஷம் முன்பு யாரோ தட்டச்சு செய்தது.

கடிதத்தை விடவும் என்னைப் பயமுறுத்துவது தானியங்கிச் செய்திகள்தான். முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் நல்ல கடிதம் ஒன்றை எழுதிக் கொடுத்தோம், குடும்பமும் நெகிழ்ந்துபோனது. அடுத்த திங்கட்கிழமை வருகைப்பதிவு மென்பொருள், ‘நீங்கள் ஐந்து நாட்களாக முன்னனுமதியின்றி வரவில்லை’ என்று இறந்தவரின் கைபேசிக்குச் செய்தி அனுப்பியது. அந்தக் கைபேசி அவர் மகளிடம் இருந்தது. அதற்கு நான் மன்னிப்புக் கேட்கப் போனபோது அந்தப் பெண் எதுவும் பேசவில்லை. அதனால் கடிதம் கிளம்பும் முன் வருகைப்பதிவு, பிறந்தநாள் வாழ்த்து, பயிற்சி நினைவூட்டல், ஊழியர் குழுச் செய்திகள் என எல்லாவற்றிலிருந்தும் அவர் எண்ணையும் மின்னஞ்சலையும் எடுக்கச் சொல்லுங்கள். எடுத்தாகிவிட்டது என்று வாய்மொழியாகச் சொன்னால் போதாது, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கடிதம், அதாவது தொகை விவரக் கடிதம், நீங்கள் அனுப்புகிற அந்தச் சக ஊழியர் போகும்போது அவர் கையில் இருக்கலாம். என்னென்ன தொகை வர வேண்டும், எந்தெந்த ஆவணம் தேவை, படிவத்தில் எங்கே கையெழுத்திட வேண்டும் என்பதை அவர் உட்கார்ந்து விளக்கட்டும். லேப்டாப்பை அவர் கேட்கட்டும், அதுவும் கடைசியில். அதில் குடும்பப் புகைப்படங்கள் இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டு வாங்கி வரச் சொல்லுங்கள்.